முற்றொருமையைச் சோதனைக் கோணத்தால் சரிபார்ப்பதா, நிறுவுவதா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

"30° போட்டுப் பார்த்தேன் சார், இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வருகிறது. இதையே விடையாக எழுதினால் ஏன் மதிப்பெண் தரமாட்டார்கள்?" முக்கோணவியல் பாடம் தொடங்கிய சில வாரங்களில், ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதே கேள்வியை மறுபக்கமிருந்து கேட்கிறார்கள்: அரை நிமிடத்தில் கோணத்தைப் போட்டு விடை கண்டுவிட முடியும்போது, பத்து வரி எழுதி நிறுவுவது எதற்காக? இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது என்பதால்தான், கைவசம் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டுரை முழுவதும் ஒரே கணக்கைக் கையில் வைத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்கள் பலருக்கும் பழகிய கணக்குதான்:

(sin θ − cos θ + 1) / (sin θ + cos θ − 1) = 1 / (sec θ − tan θ)

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முற்றொருமை என்பது என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இரு பக்கங்களுக்கும் பொருள் இருக்கிற ஒவ்வொரு கோணத்திலும் அவை சமம் என்பதே அதன் கூற்று. இங்கே "ஒவ்வொரு" என்ற சொல்லில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. 2 sin θ = 1 என்பதும் 30°-இல் உண்மைதான்; ஆனால் அது சில கோணங்களுக்கு மட்டும் பொருந்தும் சமன்பாடு, முற்றொருமை அன்று. ஆகவே ஒரே ஒரு கோணம் பொருந்தாமல் போனால் கூற்று அந்த இடத்திலேயே வீழ்ந்துவிடுகிறது. ஒரு கோணம் பொருந்தினாலோ, அந்தக் கோணத்தைப் பற்றி மட்டுமே நமக்குத் தெரிய வருகிறது.

இதிலிருந்து நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, தவறான முற்றொருமையை அந்த வழி எவ்வளவு உறுதியாகப் பிடித்துக் கொடுக்கிறது என்பது. இரண்டாவது, இரு பக்கமும் பொருந்தி வந்தால் அதிலிருந்து நாம் எதைச் சொல்ல உரிமை பெறுகிறோம் என்பது. மூன்றாவது, அதற்கு ஆகும் நேரமும் கருவியும். நான்காவது, வெளியே தெரியாத செலவு. சரியானதைத் தவறென்று தள்ளிவிடும் ஆபத்தும் இதில் அடங்கும். இந்த நான்காவதைத்தான் பெரும்பாலானோர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

## வழி 1: மனப்பாடமான கோணங்கள் (0°, 30°, 45°, 60°, 90°)

கணிப்பான் தேவையில்லை, மதிப்புகள் துல்லியமானவை, அரை நிமிடத்தில் வேலை முடியும். தவறைப் பிடிக்கும்போது இந்த வழி மிகவும் அருமையானது. ஒருமுறை ஒரு வழிகாட்டி நூலில் மேலே சொன்ன கணக்கு 1/(sec θ + tan θ) என்று அச்சாகியிருந்தது. அதை அப்படியே நம்பி, ஒரு மாலை முழுவதும் வலப்பக்கத்தை எட்டிப்பிடிக்க முயன்றேன். 45°-ஐ முதலிலேயே போட்டிருந்தால் இடப்பக்கம் 1/(√2 − 1) = 2.414 என்றும், அச்சான வலப்பக்கம் 1/(√2 + 1) = 0.414 என்றும் வந்திருக்கும். அச்சுப்பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும். அன்றிலிருந்து "நிறுவுக" என்ற சொல்லுக்குக் கீழே முதல் வரியை எழுதும் முன்பு, ஓரத்தில் ஒரு கோணத்தைப் போட்டுப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

ஆனால் இந்தக் கோணங்கள் எவ்வளவு பழக்கமானவையோ, அவ்வளவு பிழைகளை மறைக்கக் கூடியவை. காரணம், மதிப்புகள் எளிதாக இருப்பதற்கும் வெவ்வேறு கோவைகள் தற்செயலாகச் சமமாகிவிடுவதற்கும் வேர் ஒன்றே. 45°-இல் sin, cos இரண்டும் சமம். Tan, cot இரண்டும் 1. 1-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் 1. எனவே sin-க்குப் பதில் cos எழுதிய பிழையும், tan²θ-க்குப் பதில் tan θ எழுதிய பிழையும் 45°-இன் கண்ணில் படவே படாது. 0°-இல் sin-இன் அடுக்குகள் எல்லாம் 0, cos-இன் அடுக்குகள் எல்லாம் 1. அங்கும் அடுக்குப் பிழை மறைந்துபோகும். 30°-இல் 2 sin θ = 1 என்பதால், 2 sin θ என்ற காரணி விட்டுப்போனாலும் கூடுதலாகச் சேர்ந்தாலும் தெரியாது; 60°-இல் 2 cos θ-க்கும் இதே கதைதான்.

இதை ஓர் உண்மையான பிழையில் பார்க்கலாம். cos 2θ = 1 − 2 sin²θ என்பதை நினைவில் வைத்திருந்த ஒரு மாணவி, தேர்வுப் பதற்றத்தில் cos 2θ = 1 − sin θ என்று எழுதிவிட்டு, 0°-ஐப் போட்டுச் சரிபார்த்தார்: 1 = 1. ஐயம் தீராமல் 30°-ஐயும் போட்டார்: 1/2 = 1/2. இரண்டு கோணங்கள் பொருந்திய பிறகு அவர் மேலே சென்றதில் வியப்பில்லை. 90°-ஐப் போட்டிருந்தால் இடப்பக்கம் −1, வலப்பக்கம் 0 என்று வந்திருக்கும். இரு பக்கமும் சமமாவதற்கு 2 sin²θ = sin θ ஆக வேண்டும்; அதாவது sin θ = 0 அல்லது 1/2. ஒரு முழுச் சுற்றில் 0°, 30°, 150°, 180° ஆகிய நான்கே கோணங்களில் அது நடக்கிறது. அவர் எடுத்த இரண்டு கோணங்களும் அந்த நான்கிற்குள்ளேயே விழுந்துவிட்டன.

ஐந்து கோணங்களையும் போட்டால் தப்பித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. sin²θ + cos²θ = 1 + sin 12θ என்று எழுதுங்கள். இது அப்பட்டமான பொய். ஆனால் θ 15°-இன் எந்த மடங்காக இருந்தாலும் 12θ 180°-இன் மடங்காகி, கடைசி உறுப்பு 0 ஆகிவிடும். 0°, 15°, 30°, 45°, 60°, 75°, 90° எல்லாவற்றிலும் இது தேறிவிடும். 7.5°-ஐப் போட்டால் 1 = 2 என்று வரும். இது வேண்டுமென்றே செய்துகாட்டிய எடுத்துக்காட்டுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் பழக்கமான கோணங்களின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அதை ஏமாற்றும் ஒரு கூற்றை எழுதிவிட முடியும் என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

மறைமுகச் செலவு எதிர்த்திசையிலும் உண்டு. நம் கணக்கில் 0°-ஐப் போட்டால் இடப்பக்கத்தில் தொகுதியும் பகுதியும் 0. 90°-ஐப் போட்டால் sec, tan இரண்டுக்கும் மதிப்பே இல்லை. இதைப் பார்த்து "முற்றொருமை தவறு" என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பொருளே இல்லாத கோணம் எந்தத் தீர்ப்பையும் தராது. அதை விலக்கிவிட்டு வேறு கோணத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

## வழி 2: பழக்கமில்லாத ஒரு கோணம், கணிப்பானோடு

20° அல்லது 37.3° போன்ற ஒரு கோணத்தை எடுத்தால், மேலே சொன்ன தற்செயல் ஒற்றுமைகள் பெரும்பாலும் விலகிவிடும். நம் கணக்கில் θ = 20° என்க. sin 20° = 0.34202, cos 20° = 0.93969. இடப்பக்கத்தின் தொகுதி 0.40233, பகுதி 0.28171, வகுத்தால் 1.428. வலப்பக்கத்தில் sec 20° = 1.06418, tan 20° = 0.36397, வேறுபாடு 0.70021, அதன் தலைகீழ் 1.428. பொருந்துகிறது. இங்கே கிடைக்கும் நம்பிக்கை, 45°-இல் கிடைத்ததைவிட எவ்வளவோ வலுவானது. ஏனெனில் தவறான ஒரு கூற்று பெரும்பாலும் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமே தேறும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு கோணம் அவற்றில் ஒன்றாக அமைவது அரிது.

ஆனாலும் இது சான்றுதான், நிறுவல் அன்று. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது காரணம், பழக்கமில்லாத கோணம் என்று நினைத்து நாம் பெரும்பாலும் முழு எண்ணையே எடுக்கிறோம். θ பாகையில் இருக்கும்போது sin 180θ என்ற உறுப்பு எல்லா முழுப் பாகைகளிலும் 0 ஆகிவிடும். 17°, 23°, 71° என்று எத்தனை போட்டாலும் அது சிக்காது, 0.5° போட்டால்தான் 1 என்று தலைகாட்டும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: கணிப்பான் காட்டுவது முழு மதிப்பு அன்று, வெட்டப்பட்ட தசமம். "கிட்டத்தட்டச் சமம்" என்பதும் "சமம்" என்பதும் அதன் திரையில் ஒன்றாகத் தெரியக்கூடும்.

இந்த இரண்டாவது காரணத்துக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முதலாம் பாஸ்கரர், சைன் அட்டவணையின் துணையில்லாமலே சைன் மதிப்பைக் கணக்கிட ஒரு விதியைத் தந்தார். இன்றைய குறியீட்டில், 0° முதல் 180° வரை:

sin θ ≈ 4θ(180 − θ) / (40500 − θ(180 − θ))

இதில் 30°-ஐப் போடுங்கள்: 30 × 150 = 4500; 18000/36000 = 1/2. துல்லியமாக வருகிறது. 90°-இல் 32400/32400 = 1; 0°-இல் 0; 150°, 180° ஆகியவற்றிலும் துளி பிசகில்லை. மனப்பாடக் கோணங்களில் மூன்றைப் போட்டுப் பார்த்த ஒருவர், இதை முற்றொருமை என்றே எழுதிவிடுவார். 45°-இல் விதி 0.7059 தருகிறது, உண்மை மதிப்பு 0.7071, 60°-இல் 0.8649, உண்மை 0.8660, 20°-இல் 0.3432, உண்மை 0.3420. இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்பவருக்கு 20°-இல் இரண்டும் 0.34 தான். 0° முதல் 180° வரை எங்கும் பிழை 0.0017-ஐத் தாண்டாது. தோராய விதி என்ற அளவில் வியக்கத்தக்க நேர்த்தி அது. ஆனால் முற்றொருமையாகக் கொண்டால் பொய். எனவே கணிப்பானை வைத்துச் சோதிக்கும்போது குறைந்தது ஆறு தசம இடங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்; மூன்றாம் இடத்தில் ஒன்றிரண்டு மாறுவதை "கணிப்பான் பிழை" என்று தள்ளிவிடக் கூடாது.

கருவியின் சிறு பொறிகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். sin²20° வேண்டுமென்றால் sin 20-இன் மதிப்பைக் கண்டு அதை வர்க்கப்படுத்த வேண்டும். Sin(20²) என்று அழுத்தினால் 400°-இன் சைன் வந்து நிற்கும். மற்றொன்று, கணிப்பான் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருப்பது. வியப்பு என்னவென்றால், sin²θ + cos²θ = 1 போன்றவை எந்த அலகிலும் தேறிவிடும்; 20 ரேடியனும் ஒரு கோணம்தானே. ஆனால் sin(90° − θ) = cos θ என்பதைச் சோதித்தால், ரேடியன் நிலையில் sin 70 = 0.774, cos 20 = 0.408 என்று வந்து, நூற்றுக்கு நூறு சரியான முற்றொருமை தவறு போலத் தோன்றும். பாகையில் எழுதிய மாறிலி ஏதேனும் கணக்கில் இருந்தால், முதலில் கணிப்பானின் நிலையைப் பாருங்கள்.

## வழி 3: வரைபடம்

இரு பக்கங்களையும் செல்பேசிச் செயலியில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று படிகிறதா என்று பார்ப்பது இப்போது எளிது. பிழை எங்கே இருக்கிறது, எந்தக் கால்பகுதியில் கூற்று முறிகிறது என்பதை இதைப்போல வேறு எந்த வழியும் ஒரே பார்வையில் காட்டாது; அந்த ஒரு நன்மைக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் துல்லியத்தில் இது கணிப்பானைவிடப் பின்தங்கியது. 0 முதல் 1 வரையிலான உயரம் திரையில் 600 புள்ளிகள் என்று கொண்டால், பாஸ்கரரின் விதிக்கும் உண்மையான சைனுக்கும் உள்ள மிகப்பெரிய வேறுபாடு ஒரே ஒரு புள்ளிதான். கோடு அதைவிடத் தடிமனாக இருக்கும். அதே வரைபடத்தை 180°-க்கு அப்பால் நீட்டினால் விதி விலகிப்போவது தெரியும்: 270°-இல் சைன் −1, விதி தருவது −1.5. ஆகவே வரைந்தால் முதல் கால்பகுதியோடு நிற்காமல் முழுச் சுற்றுக்கும் வரையுங்கள்.

## வழி 4: எண்ணிக்கை தெரிந்து போடும் கோணங்கள்

இந்த வழியைப் பள்ளியில் யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். சோதனைக் கோணங்கள் நிறுவல் ஆகாது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் சொல்ல வேண்டியது வேறு: எத்தனை கோணங்கள் போதும் என்று தெரியாமல் போட்டால் நிறுவல் ஆகாது. அந்த எண்ணிக்கை தெரிந்துவிட்டால், அதே கோணங்கள் முழுமையான நிறுவலாகிவிடும்.

இரு பக்கங்களையும் sin, cos ஆகியவற்றின் கூட்டல், கழித்தல், பெருக்கலாக மட்டுமே எழுத முடிகிறது என்று கொள்வோம். sin θ, cos θ ஒவ்வொன்றுக்கும் படி 1. பெருக்கினால் படிகள் கூடும். Sin 3θ-வின் படி 3. பெரிய படி n என்றால், இரு பக்கங்களின் வேறுபாடு ஒரு முழுச் சுற்றில் அதிகபட்சம் 2n கோணங்களில்தான் 0 ஆக முடியும், அது எங்கும் 0-ஆக இருந்தாலொழிய. காரணம் எளிது: z = cos θ + i sin θ என்று வைத்தால் cos θ, sin θ இரண்டையும் z, 1/z ஆகியவற்றால் எழுதிவிடலாம்; பிறகு zⁿ-ஆல் பெருக்கினால் அந்த வேறுபாடு z-இல் 2n-க்கு மிகாத படியுள்ள பல்லுறுப்புக் கோவையாகிறது; அத்தகைய கோவைக்கு 2n மூலங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே ஒரே சுற்றுக்குள் வெவ்வேறான 2n + 1 கோணங்களில் இரு பக்கமும் துல்லியமாகப் பொருந்தினால், எல்லாக் கோணத்திலும் பொருந்தியே தீர வேண்டும்.

முன்பு பார்த்தவற்றை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். cos 2θ = 1 − sin θ என்பதன் படி 2; அது நான்கு கோணங்களில் தேறியது; ஐந்தாவது எதுவாக இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். sin 12θ-வின் படி 12. 15°-இன் மடங்குகள் ஒரு சுற்றில் சரியாக 24. இருபத்தைந்தாவது கோணம் அதை வீழ்த்திவிடும். அந்த ஏமாற்று வித்தைகள் எல்லாம் இந்த வரம்பின் விளிம்புவரை சென்று நின்றவை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 1/(sec θ − tan θ) என்பது cos θ/(1 − sin θ). குறுக்குப் பெருக்கல் செய்தால் நாம் காட்ட வேண்டியது:

(sin θ − cos θ + 1)(1 − sin θ) = cos θ (sin θ + cos θ − 1)

படி 2. ஆகவே ஐந்து கோணங்கள் போதும். பின்னம் போய்விட்டதால், முன்பு கைவிட்ட 0°-உம் 90°-உம் இப்போது பயன்படும்.

- 0°: இடம் 0 × 1 = 0; வலம் 1 × 0 = 0.
- 90°: இடம் 2 × 0 = 0; வலம் 0.
- 180°: இடம் 2 × 1 = 2; வலம் (−1)(−2) = 2.
- 270°: இடம் 0 × 2 = 0; வலம் 0.
- 30°: இடம் (3 − √3)/2 × 1/2 = (3 − √3)/4; வலம் √3/2 × (√3 − 1)/2 = (3 − √3)/4.

ஐந்தும் பொருந்திவிட்டன. பெருக்கல் வடிவம் எல்லாக் கோணத்துக்கும் உண்மை. பகுதிகள் 0 ஆகாத இடங்களில் வகுத்துக்கொண்டால் மூல முற்றொருமையும் உண்மை. இது சான்று மட்டும் அன்று, நிறுவல்.

இதற்கும் செலவு உண்டு. மதிப்புகள் துல்லியமாக இருக்க வேண்டும். கணிப்பான் தரும் தசமங்களை வைத்து இந்த வாதத்தைச் சொல்ல முடியாது. படியைத் தவறாக எண்ணினால் எல்லாமே வீண். வர்க்கமூலக் குறி இருந்தாலோ, θ கோணமாக மட்டுமன்றிப் பாஸ்கரரின் விதியில் வருவதுபோல வெறும் எண்ணாகவும் கோவைக்குள் நுழைந்தாலோ, இந்த எண்ணிக்கை விதி பொருந்தாது. விடைத்தாளில் எழுதுவதானால் மேலே சொன்ன தேற்றத்தையும் சேர்த்து எழுதியாக வேண்டும். பத்தாம் வகுப்பு விடைத்தாளில் அந்தத் துணிச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 5: இயற்கணித நிறுவல்

நம் கணக்கின் இடப்பக்கத்தில் தொகுதியையும் பகுதியையும் cos θ-ஆல் வகுத்தால் (tan θ + sec θ − 1)/(tan θ − sec θ + 1) கிடைக்கிறது. பகுதியில் உள்ள 1-ஐ மட்டும் sec²θ − tan²θ என்று மாற்றினால், பகுதி (sec θ − tan θ)(sec θ + tan θ − 1) ஆகிறது. தொகுதியிலும் அதே sec θ + tan θ − 1 இருப்பதால் அது நீங்கி, 1/(sec θ − tan θ) மிஞ்சுகிறது. நான்கே வரிகள். கோணம் எதையும் தொடாமல் எல்லாக் கோணத்தையும் பற்றி ஒரே மூச்சில் பேசிவிடுகிறது. ஏன் உண்மை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஐந்து கோணங்களைப் போட்ட வழி 4 உண்மை என்று மட்டும் சொன்னது; காரணத்தைச் சொல்லவில்லை.

செலவு என்னவென்றால், 1-ஐ எங்கே, எப்போது மாற்றுவது என்ற யோசனை எப்போதும் உடனே வந்துவிடாது. கூற்றே தவறாக இருந்தால் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் இந்த வழி "தவறு" என்று சொல்லாது. "இன்னும் முயன்று பார்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். என் ஒரு மாலை அப்படித்தான் போனது.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம் | தவறைப் பிடிக்கும் திறன் | பொருந்தினால் சொல்லக்கூடியது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| மனப்பாடக் கோணங்கள் | அரை நிமிடம் | நடுத்தரம். 45°, 0° பலவீனம் | அந்தக் கோணங்களில் மட்டும் உண்மை | தற்செயல் ஒற்றுமை. பொருளற்ற கோணத்தால் தவறான தீர்ப்பு |
| பழக்கமில்லாத கோணம் | இரண்டு நிமிடம், கணிப்பான் | மிக நன்று | வலுவான சான்று | தசம வெட்டு. பாகை, ரேடியன் குழப்பம் |
| வரைபடம் | இரண்டு நிமிடம், செயலி | பெரிய பிழைக்கு நன்று | எங்கே முறிகிறது என்ற குறிப்பு | சிறு வேறுபாடு தெரியாது |
| 2n + 1 கோணங்கள் | ஐந்து நிமிடத்திலிருந்து, படியைப் பொறுத்து | முழுமை | எல்லாக் கோணத்திலும் உண்மை | படியை எண்ண வேண்டும். துல்லிய மதிப்பு தேவை |
| இயற்கணிதம் | யோசனையைப் பொறுத்தது | தவறான கூற்றை மறுக்காது | எல்லாக் கோணத்திலும் உண்மை, காரணத்தோடு | பொய்க்கூற்றில் நேரம் வீணாகும் |

## யாருக்கு எது

பல தெரிவு வினா எழுதுபவருக்கு வழி 1 போதும். அதற்குக் காரணம் வேகம் மட்டும் அன்று. நான்கு விடைகளில் ஒன்று மட்டுமே சரி என்று வினா உறுதி தந்திருக்கும்போது, மூன்றை வீழ்த்திவிட்டால் நான்காவது தானே நிற்கிறது. கோணம் அங்கே மறுக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. அது அதற்குத் தெரிந்த வேலை. ஆனால் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். (sec θ − cos θ)(cosec θ − sin θ) என்பதற்கு sin θ cos θ, 1/2, sin²θ, (tan θ)/2 என்று நான்கு தெரிவுகள் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45°-ஐப் போட்டால் நான்கும் 1/2, ஒன்றும் விழாது. 30°-ஐப் போட்டால் கோவை 0.433, தெரிவுகள் முறையே 0.433, 0.5, 0.25, 0.289. ஒரே அடியில் மூன்றும் போய்விடுகின்றன. இரண்டு தெரிவுகள் மிஞ்சினால், வேறொரு கோணத்தை எடுங்கள். முதலில் மிஞ்சியதைக் குறித்துவிட்டு நகராதீர்கள்.

"நிறுவுக" என்று கேட்கும் தேர்வில் விடைத்தாளுக்குள் வழி 5 மட்டுமே செல்ல வேண்டும். வழி 1 ஓரத்தில் இருக்கட்டும்: தொடங்கும் முன்பு ஒருமுறை, நடுவில் சிக்கினால் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை. 60°-இல் மூன்றாம் வரி 1.73 என்றும் நான்காம் வரி 0.58 என்றும் வந்தால், பிழை அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கு வழி 2 ஏற்றது. அச்சுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு முற்றொருமையையும் 37.3° போன்ற ஒரு கோணத்தில் ஆறு தசம இடம்வரை பார்த்துவிட்டால், ஒரு வகுப்பே பொய்க்கூற்றோடு மல்லுக்கட்டும் நிலை வராது. தனியே படிப்பவர், யோசனை வராத கணக்கில் வழி 4-ஐ முயன்று பார்க்கலாம்.

கடைசியாக, நிறுவலையே கோணத்தால் சோதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: வர்க்கமூலக் குறி வரும் கணக்குகள்.

√((1 − cos θ)/(1 + cos θ)) = cosec θ − cot θ

வழக்கமான நிறுவல், உள்ளே (1 − cos θ)-ஆல் மேலும் கீழும் பெருக்கி, √((1 − cos θ)²/sin²θ) என்று எழுதி, மூலத்தை நீக்கி (1 − cos θ)/sin θ என்று முடிக்கிறது. குறுங்கோணங்கள் எல்லாவற்றிலும் இது சரி. முடிவில்லாத எண்ணிக்கையில் கோணங்கள் தேறுகின்றன. 240°-ஐப் போடுங்கள். இடப்பக்கம் √(1.5/0.5) = √3. வலப்பக்கம் −2/√3 − 1/√3 = −√3. மூலத்தை நீக்கிய வரியில் sin θ நேர்மம் என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டதுதான் பிழை. பத்தாம் வகுப்பில் θ குறுங்கோணம் என்ற நிபந்தனை இருப்பதால் கணக்கு தப்பிக்கிறது. பதினோராம் வகுப்பில் அந்த நிபந்தனை போனதும், வலப்பக்கத்தை |cosec θ − cot θ| என்று எழுதினால்தான் 240°-இலும் இரு பக்கமும் √3 ஆகும்.